மாஸ்டர் கொடுத்த அளவு

மாஸ்டருக்குச் சாக்குப் போக்குக்குப் பஞ்சமே கிடையாது. மகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பஸ்ஸில் எட்டு மணி நேரத்தில் இருக்கிற ஊர். முதல் தடவை டிக்கெட் போட்டபோது பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்துவிட்டது என்றார். இரண்டாம் தடவை தையல் மெஷின் மோட்டார் புகைந்துவிட்டது என்றார். மோட்டார் புகைந்தது உண்மைதான், ஆனால் அது போன வருஷம். வீட்டுக்காரம்மா இரண்டு தடவையும் பெட்டியைக் கட்டி, இரண்டு தடவையும் அவிழ்த்தாள். அப்புறம் தனியாகவே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து அவரிடம் அவ்வளவாகப் பேசவில்லை.

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பஸ் எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும். மாஸ்டரால் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய பாடு.

வயது அறுபத்து மூன்று. கடைவீதியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அவர் கடையில் நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறார். பெயர் என்னவென்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே யோசிப்பார், எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். கண்ணால் பார்த்தே கழுத்தளவு சொல்வார் என்று பேர். அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. அவர் கணக்கில் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு இடுப்பு. ஒன்று வாயால் சொல்கிற இடுப்பு, இன்னொன்று கத்தரியால் வெட்டுகிற இடுப்பு. டேப்பைச் சுற்றிப் பார்ப்பார், முப்பத்தெட்டு இருக்கும். "முப்பத்தாறு சார், அப்படியே இருக்கீங்க" என்று சத்தமாகச் சொல்லி ரசீதில் முப்பத்தாறு என்று எழுதிக் கொடுப்பார். பிறகு மேஜைக்கடியில் இருக்கிற தன் சொந்த நோட்டில் முப்பத்தெட்டு என்று குறித்துக்கொள்வார். வந்தவருக்குச் சந்தோஷம், பேன்ட்டும் கச்சிதம். இதிலே என்ன தப்பு என்பது அவர் கட்சி.

உடம்பு விஷயம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கமுக்கமாக ஆரம்பித்தது. ராத்திரி ஒரு தடவை எழுந்தவர் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு மூன்றாயிற்று. பிறகு அவரே எண்ணுவதை விட்டுவிட்டார். போய் நின்றால் உடனே வராது. சுவரில் இருக்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி வரும், நடுவில் நிற்கும், மறுபடி வரும். முடிந்தது என்று திரும்பினால் இன்னும் நாலு சொட்டு. படுக்கையில் வந்து சாய்ந்தால், ஐயோ, இன்னும் பாக்கி இருக்கே என்று தோன்றும். வெளிர் நிறப் பேன்ட் போடுவதை நிறுத்திவிட்டார். தனக்குத் தைத்ததெல்லாம் கருநீலமும் கறுப்புமாகவே ஆனது. கடைவீதியில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிவறை திறந்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

இதெல்லாம் வயசானா வருவதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே பயம் வேறு. அவருடைய அப்பா கடைசி ஒரு வருஷம் டியூபில் மாட்டிய சிறுநீர்ப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பை மாஸ்டரின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. டாக்டரிடம் போனால் அந்தப் பைதான் என்று எப்படியோ அவர் மனதில் பதிந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவள். படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பவுடர் டப்பா நிறையப் பட்டன் வைத்திருப்பாள். அருகில் ஒரு சின்னக் கிண்ணம். "ராத்திரியில கூடவா பட்டன்? கால்ல குத்துது" என்று மாஸ்டர் ஒருநாள் சலித்துக்கொண்டார். "குத்துனா குத்தட்டும்" என்றாள்.

ஒரு காலையில் அவளே வெள்ளைக் கோட்டு ஒன்றை மடித்து அவர் கையில் கொடுத்தாள். தெருமுனையில் க்ளினிக் வைத்திருக்கிற டாக்டரம்மாவுடையது.

"கோட்டு தயாராயிடுச்சு. கொண்டுபோய்க் குடுங்க. அப்படியே உங்க விஷயத்தையும் சொல்லுங்க."

"என் விஷயமா? எனக்கு என்ன விஷயம்?"

"என்னங்க, என்னைப் பாத்தா தூங்குற மாதிரியா இருக்கு? நீங்க எழுந்தா கட்டில் ஆடுது, நான் முழிச்சுக்கறேன். நீங்க சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?"

அவள் வந்து சொல்வதைவிடத் தானே சொல்வது மேல் என்று மாஸ்டர் கிளம்பினார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார். கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். எழுந்ததும் வருதா, காத்திருக்கணுமா? வேகம் குறைஞ்சிருக்கா? நின்னு நின்னு வருதா? முழுசாப் போன திருப்தி இருக்கா? எரிச்சல் உண்டா, ரத்தம் வந்துச்சா? மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "கொஞ்சம்... லேசா..." என்று பதில் சொன்னார்.

"மாஸ்டர், வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல. ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ புரோஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. சின்ன வயசுல பெரிய நெல்லிக்காய் அளவு. மூத்திரக் குழாய் அதுக்கு நடுவுலதான் போகுது. வயசாக ஆக நிறையப் பேருக்கு அது வளரும். வளர்ந்தா குழாயைச் சுத்தி இறுக்கும்."

"காலர் டைட்டாகற மாதிரி."

"அதேதான். டைட்டானா வெளியேத்த மூத்திரப்பை முக்கணும். முக்கி முக்கி அது களைச்சுப்போகும், முழுசாக் காலியாகாது. பாதி நிறைஞ்ச பைக்குள்ள மறுபடி சேர்ந்தா சீக்கிரமே முட்டும். அதான் திரும்பத் திரும்ப எழுந்துக்கறது."

"இது... அந்த வியாதியா இருக்குமா டாக்டர்?"

"புற்றுநோயான்னு கேக்கறீங்க. இப்படி வளர்றது பெரும்பாலும் அது இல்ல. இது தனி, அது தனி. ஆனா பாக்காம நான் வாய்க்கு வந்தபடி சொல்லமாட்டேன். பின்பக்கமா விரல் விட்டு ஒரு பரிசோதனை இருக்கு, ஒரு நிமிஷம்தான்..."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இன்னொரு நாள் பாத்துக்கலாம் டாக்டர். கடையில ஆள் காத்திருக்காங்க."

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, ரத்தத்தில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒன்று, வயிற்று ஸ்கேன் ஒன்று என்று சீட்டெழுதினார். சர்க்கரை இருந்தாலும் ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வைக்கும், எதையும் விட்டுவிடக் கூடாது என்றார். கூடவே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்தார். "மூணு நாளைக்கு, பகலும் ராத்திரியும், எப்போ போறீங்க, எவ்வளவு போறீங்கன்னு அளந்து எழுதுங்க. எத்தனை தடவைங்கறதும் முக்கியம், ஒவ்வொரு தடவையும் எவ்வளவுங்கறதும் முக்கியம். உங்களுக்கு அளவெடுக்கவா நான் சொல்லித் தரணும்?"

அங்கேதான் வந்தது வினை. முதல் ராத்திரி மாஸ்டர் ஒழுங்காகத்தான் குவளையைப் பிடித்தார். எண்பது மில்லி. அடுத்த தடவை எழுபது. அதற்கடுத்து தொண்ணூறு. விடிந்ததும் பேனாவை எடுத்துத் தாளின் முன்னால் உட்கார்ந்தார். எண்பது என்று எழுதக் கை வரவில்லை. ராத்திரிக்கு ஏழு தடவை என்று ஒரு பொம்பளை டாக்டரிடம், அதுவும் தன் கடை வாடிக்கைக்காரியிடம், எப்படிக் கொடுப்பது? அந்தம்மா என்ன நினைப்பார்? கை தானாகவே வழக்கமான வேலையைச் செய்தது. "ராத்திரி இரண்டு தடவை. 300, 320." மூன்று நாளுக்கும் அப்படியே, கொஞ்சம் ஏற்ற இறக்கம் வைத்து, தையல் வெளியே தெரியாமல் எழுதி முடித்தார். வழக்கமாக மேஜைக்கடி நோட்டில் உண்மை அளவும் ஏறும். இந்தத் தடவை அதையும் எழுதவில்லை.

சர்க்கரை சரி, சிறுநீரில் கிருமி இல்லை, சிறுநீரகமும் சரி. ஸ்கேனுக்கு மட்டும் போகவில்லை. மூத்திரம் நிறையச் சேர்த்துக்கொண்டு வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவ்வளவு பேர் முன்னால் பாதியில் எழுந்து ஓட வேண்டிவந்தால் மானம் போய்விடும் என்று திரும்பி வந்துவிட்டார்.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"ஒவ்வொரு தடவையும் முந்நூறா? அப்படின்னா பை நல்லாத்தான் நிறையுது. இந்தக் கணக்குப்படி அடைப்பைவிட, சாயங்காலத்துக்கு மேல நிறையக் குடிக்கறீங்களோன்னு தோணுது. ராத்திரி டீயை விடுங்க. பகல்ல தண்ணி நல்லாக் குடிங்க. மாத்திரை இப்ப வேண்டாம். ஆனா ஸ்கேன் எடுத்தே ஆகணும், சொல்லிட்டேன்."

"கண்டிப்பா டாக்டர்" என்று மாஸ்டர் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மாத்திரை இல்லை, பை இல்லை! வீட்டுக்குப் போனதும் தானாகவே பஸ் டிக்கெட் போட்டார். அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வண்டி. மகளுக்குப் போன் போட்டு, "இந்தத் தடவை சத்தியமா வரேன்மா" என்றார். அந்தப் பக்கம் மகள், "பாக்கலாம்பா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் "பாக்கலாம்பா" அவரைச் சுருக்கென்று குத்தியது.

எப்படியாவது போய்விட வேண்டும். அதனால் டாக்டரம்மா சாயங்காலத்துக்கு என்று சொன்னதை மாஸ்டர் நாள் முழுக்க என்று நீட்டிக்கொண்டார். குடிக்கிறதைக் குறைத்தால் வருவதும் குறையும், இதுக்கென்ன படிப்பு வேண்டும்? காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு மடக்கு, அவ்வளவுதான். மூத்திரம் மஞ்சளாகிக் கடுத்ததே தவிர, எழுந்திருப்பது குறைந்தபாடில்லை. இதற்கு நடுவே வியாழக்கிழமை மழையில் நனைந்து ஜலதோஷம் வேறு பிடித்துக்கொண்டது. தும்மிக்கொண்டு போய்க் கைக்குழந்தையைத் தூக்க முடியுமா? மருந்துக்கடையில் நின்று, "மூக்கடைப்புக்கு நல்ல ஸ்ட்ராங்கா குடுப்பா" என்றார். கடைக்காரர் வேறு ஏதாவது உபத்திரவம் உண்டா என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். அங்கேயும் அவருக்கு முப்பத்தாறு இஞ்ச் இடுப்புதான். சனிக்கிழமை காலைக்குள் ஐந்து மாத்திரை உள்ளே போய்விட்டது. மூக்கு என்னவோ திறந்துவிட்டது.

ஆனால் அன்று காலை எழுந்து போய் நின்றார், ஒன்றும் வரவில்லை. பல்லியைப் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தத்தைக் கேட்டார். இருமிப் பார்த்தார். ஒரு சொட்டு. ஏழு மணிக்கு ஒரு தடவை, எட்டுக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு இரண்டு தடவை. பரவாயில்லை, பஸ்ஸுக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார் அந்தப் புத்திசாலி!

பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தொப்புளுக்குக் கீழே வயிறு கல்லாகிப் பேன்ட் பட்டனை முட்டியது. முட்டுகிறது, போக வேண்டும், உயிர் போகிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. நெற்றியில் வியர்வை வழிந்தது. வண்டி வந்து நின்று கதவு திறந்தது. மாஸ்டர் ஒரு காலைப் படியில் வைத்தார். மற்ற காலைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், சட்டைக்கு மேலேயே வயிற்றில் கை வைத்தாள், உடனே கண்டக்டரிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கினாள்.

"இறங்குங்க."

"டிக்கெட்டு..."

"டிக்கெட்டாவது மண்ணாவது! இறங்குங்கன்னா."

டாக்சியில் போகும்போது அவள்தான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி, தானும் வருவதாகச் சொன்னார். அங்கே ஓர் ஆண் நர்ஸ், தாடி வைத்த திடகாத்திரமான ஆள், மாஸ்டரைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தான். "ஐயா, மரத்துப்போக ஜெல் வைக்கறேன். அப்புறம் மெல்லிசா ஒரு டியூப். மூச்சை நல்லா இழுத்து விடுங்க, இறுக்காதீங்க." மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்பாவின் ஜன்னலோரம் கண்ணுக்குள் வந்தது. ஓர் எரிச்சல், ஓர் அழுத்தம், அப்புறம்...

அப்புறம் வந்த சுகத்தை எதைச் சொல்லி விளக்க! போன உயிர் திரும்பி வந்து உடம்பில் உட்கார்ந்தது. மாஸ்டர் வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் சிரித்தார். "அப்பா ராசா, நீ நல்லா இருப்படா" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் ஐயா. இன்னும் வருது பாருங்க." டியூபில் மாட்டிய பை நிறைந்துகொண்டே போனது. நர்ஸ் குனிந்து பையின் அளவுக்கோட்டைப் படித்தான். "தொள்ளாயிரத்து ஐம்பது."

டாக்டரம்மா வந்தபோது அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து மாஸ்டர் எழுதிக் கொடுத்த கட்டம் போட்ட தாளை எடுத்தார்.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இந்த ஜலதோஷ மாத்திரையில ரெண்டு மருந்து. ஒண்ணு மூக்கைத் திறக்கும், ஆனா மூத்திரப்பை வாயை இறுக்கும். இன்னொண்ணு பையை முக்கவிடாம மந்தமாக்கும். புரோஸ்டேட் பெருசா இருக்கறவங்களுக்கு அப்படியே பூட்டிடும். அடைப்பு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், இந்தப் பக்கம் திரும்பாதீங்கன்னு. ஆனா உங்க கணக்குல அடைப்பே இல்லையே மாஸ்டர். ராத்திரி ரெண்டு தடவை, முந்நூறு முந்நூறு."

மாஸ்டர் மேல்கூரையைப் பார்த்தார்.

அப்போது வீட்டுக்காரம்மா பெட்டியைத் திறந்தாள். மகளிடம் காட்டவென்று வைத்திருந்த சின்னச் சின்னத் துணி முடிச்சுகளைப் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள். தையல் மிச்சத் துணியில் கட்டி, ஒவ்வொன்றிலும் நீலப் பென்சிலால் தேதி போட்டவை. முடிச்சுகளைக் கட்டில் விரிப்பின் மேல் வரிசையாக வைத்து ஒன்றை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைப் பட்டன்கள்.

"இவர் எழுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டன் கிண்ணத்துல போட்டேன் டாக்டர். காலையில முடிச்சுப் போட்டு வெச்சேன். இது நீங்க எழுதச் சொன்ன முதல் ராத்திரி. எண்ணிப் பாருங்க."

ஏழு. அடுத்த முடிச்சில் ஆறு. அதற்கடுத்ததில் மறுபடி ஏழு. டாக்டரம்மா பட்டன்களையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

"ஏன்டி, அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க உண்மையத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றாள். "இன்னிக்கு நடுவழியில பஸ்ஸுக்குள்ள இப்படி ஆகியிருந்தா நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

மாஸ்டரின் குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு இடுப்புக் கதையை முழுசாகச் சொன்னார். வாயால் சொல்கிற அளவு, கத்தரியால் வெட்டுகிற அளவு. தாளில் எழுதியது வாயளவு.

டாக்டரம்மா தாளை மடித்தார். "மாஸ்டர், உங்க கடையில கத்தரி உங்க கையில இருக்கு. பொய் அளவு சொன்னாலும் நிஜ அளவுக்கு வெட்டிடுவீங்க. இங்க கத்தரி என் கையில. நீங்க குடுத்த அளவுக்குத்தான் நான் வெட்டுவேன்." திரும்பிப் போனவர் சட்டென்று நின்றார். "ஆமா, என் கோட்டு? மூணு வருஷமா அதே அளவுன்னு சொல்லிட்டு இருக்கீங்களே?"

மாஸ்டர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு டாக்டர்" என்றார் பரிதாபமாக.

திரைக்கு அந்தப் பக்கம் ஆண் நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

அன்றைக்கே அந்த ஒரு நிமிஷப் பரிசோதனையும் நடந்தது. நிஜமாகவே ஒரு நிமிஷம்தான். "நல்லாப் பெருசா இருக்கு. ஆனா வழவழன்னு இருக்கு, கல்லு மாதிரி முடிச்சு எதுவும் தட்டுப்படல" என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் சிறுநீரகங்கள் வீங்கவில்லை, நல்ல காலம். புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையை இப்போது எடுத்தால் இந்த அடைப்பினாலும் டியூபினாலுமே எண் ஏறிக் காட்டும், வீண் பயம், ஆறு வாரம் கழித்து எடுப்போம் என்றார். மூத்திரப்பை வாயைத் தளர்த்த ராத்திரிக்கு ஒரு மாத்திரை. தலை சுற்றலாம், படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். டியூபும் பையும் மூன்று நாள் இருக்கும். அப்புறம் எடுத்துப் பார்க்கலாம்.

"எடுத்தும் வரலன்னா?"

"மறுபடி வெச்சு இன்னொரு தடவை பாப்போம். அதுக்கும் மசியலன்னா ஆபரேஷன் இருக்கு, வெளியில கத்தி வைக்காமலே குழாய் வழியாப் பண்றது. உங்க அப்பா காலம் இல்ல இது மாஸ்டர்."

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் மெஷினில் உட்கார்ந்தார். அகலக் கால் வைத்த ஒரு பேன்ட்டை எடுத்து, தொடைக்கு உட்புறம் துணிப் பை ஒன்று தைத்துச் சிறுநீர்ப் பையை அதில் உட்கார வைத்தார். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை மறக்காமல் தாழ்த்தியே தைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கடைக்கே போனார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கு இப்படி ஒன்று தைத்துக் கொடுக்கத் தனக்கு அப்போது தோன்றவில்லையே என்று நினைத்தபோது மட்டும் கண் கலங்கியது.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தார். வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டாரும் புகையல, யூனிஃபார்மும் வரலம்மா" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஏழு தடவை, நாலு சொட்டு, கருநீலப் பேன்ட், பஸ் நிற்கிற ஒரே ஒரு இடம், தொள்ளாயிரத்து ஐம்பது.

"பொண் குழந்தைங்கறதால உனக்குப் பாக்க மனசில்லையோன்னு நெனச்சுட்டேன்பா" என்றாள் மகள். "நாலு மாசமா அதை நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன்."

மாஸ்டருக்கு டியூப் வலித்ததைவிட இது வலித்தது. "அடி என் தங்கமே! உங்கப்பன் ஒரு மடையன்மா. பொய் சொன்னா யாருக்கும் வலிக்காதுன்னு நெனச்சவன்."

செவ்வாய்க்கிழமை காலை டியூபை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மாஸ்டர் உள்ளே போனார். வீட்டுக்காரம்மா கதவுக்கு வெளியே முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். முதலில் சத்தமே இல்லை. அங்கே பல்லியும் இல்லை, அவர் மஞ்சள் ஓடுகளை எண்ணினார். பதினொன்றாவது ஓட்டில் வந்தது. நூலாக இல்லை, கயிறு மாதிரி வந்தது.

"கேக்குதா?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"கேக்குது, கேக்குது! ஊருக்கே கேக்குது" என்றாள் வெளியிலிருந்து. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கேனில் உள்ளே எழுபது மில்லிதான் மிச்சம் இருந்தது. போதும், டியூப் இனி வேண்டாம் என்றார்கள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் அவர் வயதுக்குச் சரியாகவே இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் முதலில் புரோஸ்டேட் என்று சொல்ல வேண்டும். டாக்டரம்மா மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாஸ்டர் அதை மேஜைக்கடி நோட்டில் ஒட்டிவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணி வண்டியில் ஏறுவதற்கு முன் அவர் நேராக டிரைவரிடம் போனார். "தம்பி, எனக்குப் புரோஸ்டேட். ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எங்கயாவது நிறுத்தணும்" என்றார். டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "நிறுத்திடலாம் அண்ணே. எனக்கும்தான் நல்லது" என்றார். முதல் தடவை நின்றபோது மாஸ்டரோடு இன்னும் ஆறு பெரியவர்கள், அதுவரை வாயைத் திறக்காதவர்கள், விறுவிறுவென்று இறங்கினார்கள்.

மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. வீட்டுக்காரம்மா பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். மாஸ்டர் வெட்டித் தைத்தது. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக வெள்ளைப் பட்டன்கள்.

"இத்தனூண்டு சட்டைக்கு எதுக்கும்மா ஏழு பட்டன்?"

"உங்கப்பாவக் கேளு. அவரோட ஒரு ராத்திரி அது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "இப்ப எத்தனை தடவைப்பா எழுந்துக்கற?"

மாஸ்டரின் வாயில் "ஒரு தடவை" என்பது தயாராக வந்து நின்றது. குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு" என்றார். பிறகு, "நேத்து மூணு."